டிக்கெட் எடுக்காத அன்றே சொல்லிவிடுங்கள்

வெளியூரில் குடித்தனம் நடத்தும் மருமகள்களுக்கும், அவர்களோடு வாழும் எங்கள் மகன்களுக்கும்,

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் இருந்து, இரண்டு மருமகள்களின் அத்தை எழுதுகிறேன். வரும் பொங்கலுக்கு உங்களில் பலரால் ஊருக்கு வர முடியாமல் போகும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. முடியாது என்பதை எங்களிடம் நீங்கள் சொல்லும் விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. அதை உங்களிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

“பொங்கலுக்கு வாரீங்கள்லா?” என்று நாங்கள் கேட்கிறோம். “பார்க்கலாம் அத்தை” என்கிறீர்கள். “லீவு கேட்டிருக்கேம்மா” என்கிறான் மகன். டிசம்பர் கடைசியில் மறுபடி கேட்டால் “தட்கல்ல பார்க்கிறோம்” என்று பதில் வருகிறது. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடிக்கிறது. எடுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். வருகிறவர்கள் அந்த நேரத்தில் ரயிலடிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். போன் பேச நேரம் இருக்காது.

நீங்கள் “பார்க்கலாம்” என்று சொல்லும்போது மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் காதில் அது “வருகிறோம்” என்றுதான் விழுகிறது. விழுந்த மறுநாளே வேலை தொடங்கிவிடுகிறது. மார்கழி பாதியிலேயே மாமா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிடுவார். பொங்கல் அடுப்புக்குக் காய்ந்த பனை ஓலை சேர்க்க வேண்டும். பேத்திக்குப் பிடிக்கும் என்று முறுக்குக்கு மாவு அரைத்து வைப்போம். பனங்கிழங்குக்கும் சிறுகிழங்குக்கும் தெரிந்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம். இரண்டு பேருக்கு என்றால் அரைப் படி அரிசியில் முடிகிற பொங்கல். எட்டுப் பேருக்கு என்றால் பானையே வேறு. நீங்கள் கடைசி நாளில் வரவில்லை என்று சொல்லும்போது அந்தப் பெரிய பானை கழுவி, மஞ்சள் கட்டத் தயாராக முற்றத்தில் இருக்கும். அதைத் திரும்பத் தூக்கி உள்ளே வைக்கிற வேலை இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் யாரும் பார்த்ததில்லை.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற கணக்கு ஒன்று உண்டு. ரயிலில் இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. ஜனவரி 13 கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 14 காலையில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். சென்னையில் இருந்து தெற்கே வரும் பொங்கல் ரயில்கள் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று உங்களுக்கே தெரியும். அன்று காலை நீங்கள் டிக்கெட் எடுக்கவில்லை என்றால், வரப்போவதில்லை என்பது அன்றைக்கே உங்களுக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதம்தான் என் மனத்தாங்கல்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் இளைய மகன் குடும்பம் சென்னையில் இருக்கிறது. மருமகளுக்குப் பிறந்த ஊர் கும்பகோணம். அவள் அப்பா 2024 ஜூன் மாதம் தவறிப்போனார். 2025 பொங்கலுக்கு நான் வழக்கம்போல் அழைத்தேன். “பார்க்கலாம்மா” என்றான் மகன். அந்தப் பொங்கலுக்கு டிக்கெட் 120 நாள் முன்பே திறந்துவிட்டது. 60 நாள் என்று குறைத்தது 2024 நவம்பரில்தான். ஆக, செப்டம்பர் மாதத்திலேயே அவர்களுக்கு முடிவு தெரியும். ஜனவரி 12 ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது. ஆபீசில் லீவு தரவில்லை என்றான். சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து நாலு நாளில் பேத்தி போனில் பேசினாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. “ஆச்சி, நான் கும்பகோணம் பாட்டி வீட்ல கரும்பு தின்னேன்” என்றாள். பின்னால் யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள்.

உங்களுக்கு ஒன்றை எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்? அவர்கள் கும்பகோணம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கணவன் போன வருஷம், வீட்டில் பண்டிகை இல்லாத பொங்கலில், சம்பந்தி அம்மா தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று மகள் போகிறாள். எந்த அத்தை தடுப்பாள்? என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த அம்மாவுக்கு என்று இரண்டு கிலோ கருப்பட்டியும் கிழங்கும் நானே பார்சல் போட்டு அனுப்பியிருப்பேன். பொய்க் காரணம் என்னிடம் இருந்து அந்த வாய்ப்பையும் பறித்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. அதற்கு முந்தைய பொங்கல்களுக்கும், தீபாவளிகளுக்கும் அவன் சொன்ன ஒவ்வொரு லீவுக் கதையையும் ராத்திரி படுத்துக்கொண்டு மறுபடி நினைத்துப் பார்த்தேன். எது நிஜம், எது இல்லை என்று.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் வந்தபோது, மருமகள் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சொல்லப் பயமா இருந்துச்சு அத்தை” என்றாள். கல்யாணமான புதிதில் ஒரு தீபாவளிக்கு வர முடியாது என்று அவள் சொன்னபோது நான் நாலு நாள் போன் எடுக்கவில்லையாம். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கினதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய நாலு நாள் இருக்கலாம். அதனால்தான் எல்லா அத்தைமார்கள் சார்பிலும் முதலில் இதைச் சொல்கிறேன்: நேராகச் சொன்னால் அன்றைக்கு எங்கள் முகம் சுருங்கும். சுருங்கட்டும். அது இரண்டு நாளில் சரியாகும். பொய்யென்று தெரிந்தால் சரியாக இரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்த பொங்கலுக்கு அவர்கள் சொன்ன விதம்தான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை வந்தது. 2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலையெல்லாம் முடிந்து நான் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துப் போன் வந்தது. பேசினது மகன்.

“அம்மா, இந்தப் பொங்கலுக்கு நாங்க வர முடியாதும்மா. கும்பகோணத்துல துக்கம் கழிஞ்சு முதல் பொங்கல். அத்தைக்குத் தனியா பானை வைக்க மனசு வரல. நாங்க அங்க போறோம்.”

அவ்வளவுதான் சொன்னான். காரணம் ஒன்றுதான், அதுவும் உண்மை. பிள்ளைக்குப் பரீட்சை, ஆபீசில் வேலை, ரயிலில் இடமில்லை என்று ஐந்து காரணம் அடுக்கவில்லை. அடுக்கினால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வழி சொல்ல ஆரம்பிப்போம். ரயில் இல்லை என்றால் பஸ் இருக்கிறதே என்போம். பரீட்சை என்றால் புத்தகத்தைக் கொண்டு வரட்டும் என்போம். நீங்கள் எரிச்சலாவீர்கள். உங்களுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் உங்களை மடக்கிக்கொண்டிருப்போம். ஒரே ஒரு உண்மையான காரணத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பிறகு போனை மருமகளிடம் கொடுத்தான். அவள் சொன்னாள்: “அத்தை, ஜனவரி 23 வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுறோம். சனிக்கிழமை காலையில அங்க இருப்போம். 26 திங்கட்கிழமை குடியரசு தின லீவு. அன்னைக்கு ராத்திரிதான் கிளம்புவோம். மூணு பேரும் வாரோம். சிறுவீட்டுப் பொங்கல அந்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா அத்தை? பாப்பாவுக்கு நீங்கதான் வீடு கட்டிக் குடுக்கணும். 23ஆம் தேதி டிக்கெட் வர்ற நவம்பர் 24 திறக்குது. அன்னைக்கே எடுத்து உங்களுக்கு அனுப்பிடுறேன்.”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது ஏன் என்னை உலுக்கியது என்று புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பொங்கல் உண்டு. மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்போம். அந்தச் சாணத்தைப் பூவோடு சேர்த்துச் சின்ன வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தைப் பொங்கல் கழிந்து தைப்பூசத்துக்குள் ஒரு நாள், முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டி, பிள்ளைகளை அதற்குள் சின்னப் பானையில் பொங்கல் வைக்கச் சொல்வோம். பிறகு சேர்த்துவைத்த பூ வறட்டிகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவோம். அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 1. ஜனவரி 25 ஞாயிறு அதற்குள் அடங்குகிறது. பேத்தி வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் பல மார்கழிகளில் நான் வறட்டி தட்டுவதையே விட்டிருந்தேன். அந்த வருஷம் மார்கழி முதல் தேதியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் யோசிக்கச் சொல்வது இதைத்தான். மாற்று என்று நீங்கள் எதைத் தருகிறீர்கள்? “அப்புறம் ஒரு நாள் வாரோம்” என்பது மாற்று இல்லை. அது “பார்க்கலாம்” என்பதன் தங்கச்சி. பணம் அனுப்புவதும் மாற்று இல்லை. ஐயாயிரம் ரூபாய் வந்ததும் கரும்பு வாங்கலாம்; அதைக் கடிக்கப் பல்லுள்ள பிள்ளை வேண்டாமா? பானை பொங்கும்போது வீடியோவில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது கூடுதல் சந்தோஷம், வருகைக்கு ஈடாகாது. அதையும் செய்வதாக இருந்தால், எத்தனை மணிக்குப் பானை ஏற்றுவோம் என்று முதல் நாளே கேட்டுவைத்து அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். “நீங்க இங்க வந்திருங்க” என்பதும் பெரும்பாலும் எங்களுக்கு உதவாது. எங்கள் வாசலில் அடுப்பு எரியாமல் நாங்கள் பொங்கலன்று வேறு ஊரில் இருப்பது, நீங்கள் நினைப்பது போல் சுலபம் இல்லை. மாடு உள்ள வீடு என்றால் மறுநாள் மாட்டுப்பொங்கலும் இருக்கிறது.

மருமகள் தந்த மாற்றில் நாலு விஷயம் இருந்தது. என்று வந்து என்று போவார்கள் என்ற தேதி இருந்தது. யார் யார் வருவார்கள் என்பது இருந்தது. வந்து என்ன செய்வோம் என்பது இருந்தது. சொன்னது நடக்கும் என்பதற்கு, டிக்கெட் எப்போது கைக்கு வரும் என்ற நாளும் இருந்தது. சொன்னபடியே நவம்பர் 24 காலையில் டிக்கெட்டின் படம் என் போனுக்கு வந்தது. மூன்று பேர் பெயரும் இருந்தது. அன்றைக்கே மாமா காலண்டரில் வட்டம் போட்டார்.

இந்த நாலில் மூன்றாவதுதான் கடினம். வந்து என்ன செய்வது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. உங்கள் அத்தை பொங்கலுக்கு அழைக்கும்போது உண்மையில் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பேத்தியின் சிறுவீடு. என் அக்காவுக்குக் குலதெய்வம் கோயிலில் மகன் பக்கத்தில் நின்று கும்பிடுவது. அவளுக்கு மாற்று என்றால் பங்குனி உத்திரம்தான். இன்னொருவருக்குக் காணும் பொங்கலன்று மகன் வீட்டோடு போய்ப் பெரியவர்களைப் பார்த்து விழுந்து கும்பிட்டு வருவது. அவருக்கு வேறொரு நாள் அதே நாலு வீட்டுக்குக் கூடப் போய்விட்டு வந்தால் போதும். தெரியவில்லை என்றால் கேளுங்கள். “பொங்கல்ல எது இல்லாட்டி உங்களுக்குப் பொங்கல் மாதிரியே இருக்காது அத்தை?” என்று ஒரு சாதாரண நாளில் கேட்டால் நாங்கள் சொல்லிவிடுவோம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பொங்கலன்று தெருவில் பத்துப் பேராவது எங்களைக் கேட்பார்கள், “மகன் வரலையா?” என்று. அந்தக் கேள்விக்கு எங்கள் கையில் ஒரு பதில் வேண்டும். 2025இல் “லீவு இல்லையாம்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். 2026இல் “சம்பந்தி அம்மாவுக்குத் துக்கம் கழிஞ்ச பொங்கல், அங்க போயிருக்காங்க. 24ஆம் தேதி இங்க வாராங்க” என்று சத்தமாகவே சொன்னேன். வராத வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் கைவிடப்பட்டவளாக நான் அந்தத் தெருவில் நிற்கவில்லை.

மகன்களே, இது உங்களுக்கு. வர முடியாது என்ற சொல்லை உங்கள் மனைவி வாயால் சொல்லவைக்காதீர்கள். அவள் சொன்னால், எத்தனை இதமாகச் சொன்னாலும், “மகனை அவள்தான் வரவிடவில்லை” என்றுதான் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பலவீனமான நேரத்தில் நாங்களும் அப்படி நினைத்துவிடுவோம். உங்கள் அம்மாவிடம் மறுப்பை நீங்கள் சொல்லுங்கள். மாற்று நாளை அவள் சொல்லட்டும். அப்போது அவள் எங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்தவளாக இருப்பாள். மதினியிடமோ அக்காவிடமோ சொல்லி அனுப்புவதும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். இருபது பேர் பார்க்கும் இடத்தில் எங்களால் அழவும் முடியாது, கேட்கவும் முடியாது.

சொன்ன பிறகு எங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். “உங்க இஷ்டம்” என்று இரண்டே வார்த்தையில் போனை வைத்தால் நோகிறது என்று அர்த்தம். உடனே மறுபடி கூப்பிட்டு விளக்கம் சொல்ல வேண்டாம். முடிவையும் மாற்ற வேண்டாம். இரண்டு நாள் விட்டுக் கூப்பிட்டு வரப்போகும் நாளைப் பற்றிப் பேசுங்கள். எங்கள் வாயில் இருந்து “என்ன செய்து வைக்கட்டும்?” என்று வந்துவிட்டால் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்து உங்கள் நாத்தனார் மூலம் அதே அழைப்பு திரும்பி வந்தால், நீங்கள் சொன்னது எங்களுக்கு உறுதியாகக் கேட்கவில்லை என்று பொருள். அப்போது அதே வாக்கியத்தை, அதே இதத்தோடு, புதுக் காரணம் எதுவும் சேர்க்காமல் திரும்பச் சொல்லுங்கள்.

கொடுத்த நாளில் வர முடியாமல் போனால்? பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஆபீசில் ஏதாவது வரும். தெரிந்த அன்றே கூப்பிட்டு, அதே பேச்சில் அடுத்த தேதியையும் சொல்லிவிடுங்கள். ஒரு முறை தவறினால் பொறுப்போம். இரண்டாவது முறையும் தவறினால், அதன் பிறகு நீங்கள் தரும் எந்தத் தேதிக்கும் நாங்கள் காலண்டரில் வட்டம் போட மாட்டோம். ஆகவே காப்பாற்ற முடிகிற நாளைத்தான் தர வேண்டும். மூன்று நாள் தருவதாகச் சொல்லி ஏமாற்றுவதைவிட ஒன்றரை நாள் தந்து முழுதாக இருப்பது எங்களுக்குப் போதும்.

போனால் அவமானமும் அடியும்தான் கிடைக்கும் என்ற வீட்டு மருமகளுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. அவள் யாருக்கும் மாற்று நாள் தர வேண்டியதில்லை. அன்பு இருந்தும் சொல்லத் தெரியாமல் மனஸ்தாபம் வளர்கிற வீடுகளுக்குத்தான் நான் எழுதுகிறேன். அப்படிப்பட்ட வீடுகள்தான் எங்கள் தெருவில் அதிகம்.

அந்த ஜனவரி 25 காலையில் முற்றத்தில் சிறுவீடு கட்டினோம். பேத்தி கதவுக்கு எங்கே இடம் விடுவது என்று கேட்டுக் கேட்டு மண்ணை அப்பினாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பனை ஓலையைக் கிழித்துக் கிழித்து அடுப்பில் வைத்தாள். சாயங்காலம் மூன்று தலைமுறையும் ஆற்றுக்குப் போய், மார்கழி முழுக்க நான் தட்டிய பூ வறட்டிகளைத் தண்ணீரில் விட்டோம். மருமகள் கும்பகோணத்துப் பொங்கல் எப்படி நடந்தது, அவள் அம்மா பானையைத் தொட எவ்வளவு தயங்கினாள் என்றெல்லாம் படித்துறையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

இப்போது என் வேண்டுகோள். வரும் நவம்பர் இரண்டாம் வாரத்தில் பொங்கல் ரயிலுக்கு முன்பதிவு திறக்கும். அந்தக் காலையில் டிக்கெட் எடுக்கிறீர்களா இல்லையா என்று இருவரும் முதல் நாள் ராத்திரியே பேசி முடிவு செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால், அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். மகன் “வர முடியாதும்மா” என்று சொல்லட்டும். மருமகள் தேதியைச் சொல்லட்டும். நாங்கள் காலண்டரையும் பேனாவையும் போன் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் அத்தைமார்களில் ஒருத்தி